ஃப்ரீசரில் கத்தி பட்டு ஓட்டை விழுந்தால்: பகிர்ந்து வாழும் வீட்டில் சொல்ல வேண்டியதும் செய்ய வேண்டியதும்

சென்னைக்கு வேலைக்கு வந்து, நான்கைந்து பேராக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குபவர்கள் பொதுவில் வைத்திருக்கும் பொருள்களில், உடைத்துவிட்டால் அதிகச் சிக்கலைத் தருவது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். அது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பழுதாகிறது. ஃப்ரீசரில் பனி மலையாக ஏறியிருக்கும். ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டு வராது. ஒருவர் கத்தியையோ தோசைத் திருப்பியையோ எடுத்துச் சுரண்டுவார். "உஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும், வீட்டில் உள்ளவர்களிடம் எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும், எவ்வளவு பணம் தருவதாகச் சொல்வது நியாயம் என்பவற்றை இந்தக் கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

எங்கள் வீட்டில் இது நடந்தபோது பொதுச் செலவுக் கணக்கை நான் பார்த்துவந்ததால், மெக்கானிக்கிடம் பேசுவதும் பணத்தைப் பிரிப்பதும் என் தலையில் விழுந்தன. அப்போது யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தேடியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை இரட்டைக் கதவுப் பெட்டிகளில் குளிர்க் குழாய் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருப்பதால், இந்த விபத்து அவற்றில் அரிது. இங்கே சொல்லப்படுவது 180 முதல் 200 லிட்டர் வரையுள்ள ஒற்றைக் கதவுப் பெட்டிகளுக்கே பொருந்தும்.

1. முதலில் ஜன்னல், அதன் பிறகு மின்சாரம்

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகடுதான் குளிரூட்டும் பகுதி. இரண்டு தகடுகளை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடுவதற்கான மெல்லிய கால்வாய்களை விட்டிருப்பார்கள். கத்தி முனை அந்தக் கால்வாயின் மீது பட்டால் கேஸ் வெளியேறிவிடும். அண்மை ஆண்டுகளில் விற்கப்பட்ட பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், அதாவது தீப்பற்றக்கூடிய வாயு. சிறிய பெட்டியில் அது ஏறக்குறைய 30 முதல் 60 கிராம் வரையே இருக்கும். 14.2 கிலோ கேஸ் அடைத்த சமையல் சிலிண்டரோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. இருந்தாலும் பக்கத்திலேயே அடுப்பு எரியும் சிறிய சமையலறையில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

எனவே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணையுங்கள், ஜன்னலையும் கதவையும் திறந்துவிடுங்கள், ஃபிரிட்ஜின் பக்கத்தில் உள்ள எந்தச் சுவிட்சையும் தொடாமல் சில நிமிடங்கள் வெளியே நில்லுங்கள். பிறகு சமையலறைக்கு அப்பால் இருக்கும் எம்சிபி பெட்டியில் அந்த இணைப்பை நிறுத்திவிட்டு, காற்றோட்டம் வந்தபின் பிளக்கைக் கழற்றுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துவதற்குப் பாதுகாப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. செலவு எவ்வளவு ஆகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஓட்டை விழுந்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால், குளிரூட்டும் பக்கத்தில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்து, ஓட்டை வழியாகக் காற்றும் ஈரப்பதமும் உள்ளே இழுக்கப்படும். ஈரம் கம்ப்ரசர் எண்ணெயில் கலந்தால், ஃப்ரீசர் தகட்டோடு முடிந்திருக்க வேண்டிய பழுது கம்ப்ரசர் வரை போய்விடக்கூடும். ஃபிரிட்ஜைப் பேசாமல் மூடிவைத்து, "குளிர்ச்சி குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று இரண்டு நாள் கழித்து வேறொருவர் கண்டுபிடிக்கட்டும் என விட்டுவிடுபவர்கள் அந்த இரண்டு நாளும் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள். அன்றே சொல்ல வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சுரண்டிய எல்லாக் கீறலும் ஓட்டை ஆகிவிடாது. கால்வாய்களுக்கு இடைப்பட்ட தகட்டில் விழுந்த கீறலால் ஒன்றும் நேராது. சத்தம் கேட்டதா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவைத்து, பனி கரைந்து தகடு காய்ந்தபின், பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கீறலின் மேல் தடவிப் பாருங்கள். நுரை குமிழியாக எழும்பினாலும், கீறலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலும், அது ஓட்டை. பெட்டி ஓடும்போது இந்தச் சோதனையைச் செய்தால் காற்று உள்ளே இழுக்கப்படுமே தவிரக் குமிழி வராது. அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவார்கள். கேஸ் முழுவதும் ஏற்கெனவே போயிருந்தாலும் குமிழி வராது என்பதால், மறுபடி ஓடவிட்டபின் சில மணி நேரத்தில் ஃப்ரீசரில் பனி பிடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையைக் கண்டதும் எம்-சீல் வாங்கிவந்து அடைக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் கசிந்த தகட்டில் அது சரியாகப் பிடிக்காது. வெளியேறிய கேஸும் திரும்ப வராது. வரும் மெக்கானிக் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் ஓட்டை பெரிதாகும்.

2. உள்ளே யாருடைய மருந்து இருக்கிறது என்று கேளுங்கள்

பால், மாவு, கோழி எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது மருந்து. யாராவது இன்சுலின் வைத்திருக்கலாம். அதைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். எனவே உரியவருக்கு உடனே தொலைபேசியில் சொல்லி, அவர் சம்மதத்துடன் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். குளிர்ச்சி விட்டுப்போன மருந்தைப் பயன்படுத்தலாமா என்பதை மருந்துக் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ உரியவரே கேட்டு முடிவு செய்யட்டும். நீங்கள் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை, கதவைத் திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்குள் பாலைக் காய்ச்சிவிடலாம். மசாலா தடவிய இறைச்சியைச் சமைத்துவிடலாம். தோசை மாவு கெடுவதைவிடப் பொங்கி வழிவதுதான் முதலில் நடக்கும் என்பதால் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடுத்தவருடைய பொருளை அவரைக் கேட்காமல் தூக்கி எறியாதீர்கள். எறிய வேண்டியதாகிவிட்டால், எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பணம் கொடுக்கும்போது எது யாருடையது என்ற வாக்குவாதம் வராது.

3. பெட்டி யாருடையது என்பதைப் பாருங்கள்

யாரிடம் மன்னிப்புக் கேட்பது, யாருக்குப் பணம் தருவது, யாரைக் கேட்காமல் மெக்கானிக்கை அழைக்கக் கூடாது என்ற மூன்றும் இதைப் பொறுத்தே மாறும். ஒரே ஃபிரிட்ஜ் நான்கு விதமான உடைமையில் இருக்கலாம்: எல்லோரும் பணம் போட்டு வாங்கியது, ஒருவர் மட்டும் தன் பணத்தில் வாங்கிக்கொண்டு வந்தது, வீட்டு உரிமையாளர் வீட்டோடு கொடுத்தது, மாத வாடகைக்கு ஒரு நிறுவனத்திடம் எடுத்தது.

கடைசி வகையாக இருந்தால் வெளி மெக்கானிக் யாரையும் தொடவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் சேதம் பற்றிய பிரிவைப் படித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் செயலியிலேயே புகார் பதியுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதிய வேண்டும்.

உரிமையாளரின் பெட்டியாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தின் பின்னால் இணைத்திருக்கும் பொருள் பட்டியலைத் தேடுங்கள். ஃபேன் எத்தனை, கீசர் எத்தனை என்ற வரிசையில் ஃபிரிட்ஜும் அதன் நிலையும் எழுதியிருக்கும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். அட்வான்ஸ் பணமும் அவர் கணக்கிலிருந்து போயிருக்கும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் நேரே உரிமையாளரிடம் சொன்னால், அவர் அட்வான்ஸில் கைவைக்கப்படும் செய்தியை உரிமையாளர் வாயிலாகக் கேட்க நேரிடும். பல வீடுகளில் சண்டை தொடங்குவது உடைந்த பொருளால் அல்ல, இந்த வரிசை தவறியதால்தான்.

கூட்டாக வாங்கியதாக இருந்தால் பில்லைத் தேடுங்கள். பில் கிடைக்காவிட்டால், வாங்கிய மாதத்தில் யூபிஐ மூலம் போன தொகையைத் தேடினால் விலையும் தேதியும் கிடைத்துவிடும். ஃபிரிட்ஜின் உட்பக்கச் சுவரிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மாடல் எண், வரிசை எண், எந்த கேஸ், எத்தனை கிராம் என்பதெல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

வாரண்டி அட்டையும் கையில் கிடைத்தால் நல்லது, ஆனால் அதன் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், கத்தியால் விழுந்த ஓட்டை பயன்படுத்துபவரால் நேர்ந்த சேதமாகவே கொள்ளப்படும். "தானாகவே கேஸ் லீக் ஆயிடுச்சு" என்று கம்பெனி ஆளிடம் சொல்லிப் பார்க்கலாமா என்ற யோசனை வீட்டில் யாராவது ஒருவருக்கு நிச்சயம் வரும். கதவைத் திறந்து பார்த்த மறுகணம் அவருக்குத் தெரிந்துவிடும். வந்ததற்கான கட்டணம் மட்டும் மிச்சமாகும்.

4. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்வது

நடந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் நேரிலும், வேலையில் இருப்பவர்களிடம் வாட்ஸ்ஆப் குழுவிலும் சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லி "நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்று விட்டுவிடுவது வேண்டாம். மற்றவர்களுக்கு அது நீங்கள் மறைத்ததாகவே போய்ச் சேரும்.

செய்தியில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: என்ன நடந்தது, இப்போது யார் என்ன செய்ய வேண்டும், நீங்கள் எதற்குப் பொறுப்பேற்கிறீர்கள், அடுத்த தகவல் எப்போது வரும். எங்கள் வீட்டில் அனுப்பப்பட்ட செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

"அக்கா, எல்லாரும் ஒரு நிமிஷம் பாருங்க. ஃப்ரீசர்ல ஐஸ் சுரண்டும்போது என் கை கத்தி பட்டு ஓட்டை விழுந்துடுச்சு, கேஸ் போயிடுச்சு. ஜன்னல் திறந்து வச்சு லைன் ஆஃப் பண்ணிட்டேன், யாரும் ஆன் பண்ணாதீங்க. உள்ள மருந்து ஏதாவது வச்சிருந்தா உடனே எனக்குக் கால் பண்ணுங்க. பாலும் சிக்கனும் சாயங்காலத்துக்குள்ள எடுத்துடணும். ரிப்பேர் செலவு என்னோடது. ராத்திரி எல்லாரும் வந்ததும் எந்த மெக்கானிக்னு கேட்டு, நாளைக்குக் காலைல வரச் சொல்றேன். சாரி."

இதில் கவனிக்க வேண்டியது, மன்னிப்பு கடைசியில் ஒரே சொல்லாக இருப்பது. முதல் மூன்று வரியும் மன்னிப்பாக இருந்தால், அலுவலகத்தில் இருந்து அவசரமாகப் படிப்பவருக்கு மருந்து பற்றிய கேள்வி கண்ணில் படாமல் போகும். ஓட்டையின் படத்தையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.

முதல் செய்தியில் எழுதக் கூடாதவை இரண்டு. ஒன்று, "நாலு மாசமா யாருமே டிஃப்ராஸ்ட் பண்ணல, அதான் இப்படி ஆச்சு" என்ற வாக்கியம். அது உண்மையாகவே இருக்கலாம். வெப்பநிலைக் குமிழின் நடுவில் உள்ள பொத்தானை, பனி அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஏறும்போதெல்லாம் அழுத்தியிருந்தால் கத்திக்கு வேலையே இருந்திருக்காது. அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் உரியதும்தான். ஆனால் செய்தி வந்த நேரத்திலேயே அதைச் சொன்னால், செலவைத் தள்ளிவிடப் பார்ப்பதாகத்தான் கேட்கும். செலவு பற்றிப் பேச உட்காரும்போது, வேறு யாரும் சொல்லாவிட்டால் மட்டும், ஒரு முறை சொல்லுங்கள்.

இரண்டாவது, "புது ஃபிரிட்ஜே வாங்கித் தந்துடறேன்" என்ற வாக்கு. பதற்றத்தில் வாயிலிருந்து வந்துவிடும். மெக்கானிக் பார்ப்பதற்கு முன் அப்படி எழுதிவிட்டால், சில ஆயிரத்தில் முடியும் வேலைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் எதிர்பார்ப்பை நீங்களே உண்டாக்கிவிடுகிறீர்கள். "ரிப்பேர் செலவு என்னோடது, ரிப்பேர் ஆகாதுன்னா உட்கார்ந்து பேசலாம்" என்பது போதுமான வாக்கு.

பெட்டி வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருந்தால் குழுவில் போடுவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். தன் பொருள் உடைந்ததை மற்றவர்களோடு சேர்ந்து அவரும் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. எந்த மெக்கானிக், ஒட்டுப் போடலாமா புதுப் பகுதி மாற்றலாமா என்ற முடிவும் அவருடையதே.

5. உரிமையாளரிடம் சொல்வது

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரோடு சேர்ந்து அன்று மாலையே பேசுங்கள். "சார், ஃபிரிட்ஜ்ல ஐஸ் எடுக்கும்போது எங்க தப்புல ஃப்ரீசர்ல ஓட்டை ஆயிடுச்சு. நாங்களே சரி பண்ணிக் கொடுத்துடறோம். உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருந்தா அவரையே அனுப்புங்க, இல்லைன்னா நாங்க ஏற்பாடு பண்ணிட்டு பில் அனுப்பறோம்" என்று சொன்னால் பெரும்பாலான உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவர்களுடைய கவலை வீடு காலி செய்யும்போது ஓடாத ஃபிரிட்ஜ் மிஞ்சக் கூடாது என்பதுதான். பேசி முடித்தபின் அதே விஷயத்தை வாட்ஸ்ஆப்பில் ஒரு முறை எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போடுவதை வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், ஓராண்டு கழித்து அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் அதே ஃபிரிட்ஜுக்கு மறுபடியும் பிடித்தம் செய்ய இடம் இருக்கும்.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்" என்று அவர் சொன்னால், எவ்வளவு என்பதை அப்போதே கேளுங்கள். தொகை சொல்லாத பிடித்தத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

6. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

சென்னையில் நாங்கள் விசாரித்தபோது வந்து பார்ப்பதற்கு மட்டும் முந்நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை கேட்டார்கள். வேலையை அவரிடமே கொடுத்தால் சிலர் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். இரண்டு வழிகளில் ஒன்றை அவர் சொல்வார். ஓட்டையை மட்டும் அடைத்து கேஸ் நிரப்புவது ஒன்று. ஃப்ரீசர் பாக்ஸையே புதிதாக மாற்றி கேஸ் நிரப்புவது இன்னொன்று. எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை, அடைப்பதற்கு 2,600 ரூபாய், பாக்ஸ் மாற்ற 4,900 ரூபாய். உங்கள் பகுதியில் இது கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால் குறைந்தது இரண்டு பேரிடம் தொலைபேசியிலேயே விலை கேளுங்கள். மாடல் எண்ணையும் ஓட்டையின் படத்தையும் அனுப்பினால் தோராயமாகச் சொல்லிவிடுவார்கள்.

உடைத்தவருக்கு மலிவான வழிதான் பிடிக்கும் என்பது இயல்பு. இங்கேதான் நான் சற்றுக் கடுமையாகப் பேசுவேன். ஊசி முனை அளவு ஓட்டையாக இருந்து, அது எட்டும் இடத்தில் தட்டையான பகுதியில் இருந்தால், நல்ல மெக்கானிக் போடும் அடைப்பு தாங்கலாம். ஓட்டை மூலையிலோ மடிப்பிலோ இருந்தாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும், அடைப்பு சில வாரங்களில் விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். கேஸுக்கு மறுபடியும் பணம் கொடுக்க நேர்ந்தால் மலிவு என்பது அங்கேயே போய்விடும். எந்த வழி என்பதை உடைத்தவர் மட்டும் தீர்மானிக்காமல், மெக்கானிக் சொல்வதை மற்றவர்களும் கேட்கும்படி மாலையில் வரச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் மூன்று கேள்விகளைக் கேட்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள அதே கேஸைத்தான் போடுவீர்களா? ஆர்600ஏ பெட்டியில் கையில் இருக்கும் ஆர்134ஏ கேஸை நிரப்பிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. அந்த கம்ப்ரசர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நிரப்புவதற்கு முன் வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் எடுப்பீர்களா, ஃபில்டரை மாற்றுவீர்களா? இதைச் செய்யாவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் மெல்லிய குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் சில நாள் குளிர்ந்துவிட்டு நின்றுபோகும். கேஸைத் தராசில் நிறுத்துப் போடுவீர்களா? ஐம்பது கிராம் அளவே பிடிக்கும் பெட்டியில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும்.

ஆர்600ஏ பெட்டியில் தீ மூட்டிப் பற்றவைக்கும் வேலை இருந்தால், உள்ளே மிச்சமிருக்கும் கேஸை முதலில் வெளியேற்ற வேண்டும். அதைப் பற்றிக் கேட்டவுடன் மெக்கானிக் சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பில்லில் கேஸின் பெயர், நிரப்பிய கிராம், மாற்றிய பகுதி, எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிறிய கடைக்காரர்கள் ஜிஎஸ்டி பில் தராமல் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள்; அதிலும் இந்த நான்கு விவரமும் கடையின் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். பணத்தை யூபிஐயில் அனுப்புங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

7. யார் எவ்வளவு தருவது

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் மூன்று ஆண்டுக்கு முன் 15,200 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. நால்வர், தலைக்கு 3,800. அதே அளவுப் புதிய பெட்டி இப்போது 15,900 ரூபாய்.

முதலில் பழைய பெட்டிக்கு இன்று என்ன மதிப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பத்து ஆண்டு ஆயுள் என்று வைத்து, கழிந்த மூன்று ஆண்டை நீக்கினோம். 15,200-இல் பத்தில் ஏழு பங்கு, அதாவது 10,640 ரூபாய். பழைய சாமான் கடையில் கேட்டால் இதைவிட மிகக் குறைவாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த விலையை எடுத்துக்கொண்டால், உடைக்காத மூவர் தங்கள் கைப்பணத்தைக் கூடுதலாகப் போட நேரிடும். அது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

பழுதுச் செலவு 4,900, மிச்ச மதிப்பில் பாதிக்கும் குறைவு. எனவே பழுது பார்ப்பதே சரி என்று முடிவானது. அந்தச் செலவு முழுவதையும் உடைத்தவர் ஏற்றார். ஓட்டை ஓரத்து மடிப்பில் இருந்ததால் பாக்ஸ் மாற்றப்பட்டது. அதற்கு மேல், கெட்டுப்போன பால், தயிர், மாவு, கோழி எல்லாம் சேர்ந்து 540 ரூபாய். அதையும் உரியவர்களுக்கு அனுப்பினார். மொத்தம் 5,440. மாதக் கடைசி என்பதால் 3,440 ரூபாயை அப்போதே கொடுத்துவிட்டு, மீதி 2,000 ரூபாய்க்குப் பொதுச் செலவுப் பணத்திலிருந்து முன்பணம் எடுத்துக்கொண்டு, சம்பளம் வந்த ஒன்றாம் தேதி அதைத் திருப்பிப் போட்டார். உங்களாலும் ஒரே தடவையில் தர முடியாவிட்டால், "கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன்" என்று சொல்லாமல் தொகையையும் தேதியையும் சொல்லுங்கள்.

பழுது பார்க்க முடியாமல் புதிது வாங்க நேர்ந்திருந்தால் கணக்கு இப்படி ஆகியிருக்கும். உடைத்தவர் தர வேண்டியது பழைய பெட்டியின் மிச்ச மதிப்பான 10,640. புதிய பெட்டியின் விலையில் மீதி 5,260 ரூபாய், மூன்று ஆண்டு பழையதற்குப் பதிலாகப் புதிது கிடைப்பதால் வரும் கூடுதல். அதை நால்வரும் சமமாக, தலைக்கு 1,315 ரூபாய் தருவார்கள். ஆக உடைத்தவருக்கு 11,955, மற்ற மூவருக்கும் தலைக்கு 1,315. பழையதை எடைக்குப் போட்டுக் கிடைக்கும் தொகை உடைத்தவருக்குச் சேரும், ஏனெனில் அதன் மதிப்பை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். இதன்பின் புதிய பெட்டியில் நால்வருக்கும் சம பங்கு என்று குழுவில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால், அதிகம் கொடுத்தவர் வீடு மாறும்போது ஃபிரிட்ஜைத் தன்னுடையதாக நினைப்பார்.

இடையில் ஒருவர் போய் வேறொருவர் வந்திருந்தால், வந்தவர் போனவருக்குப் பங்குப் பணம் கொடுத்தாரா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அவரும் பங்குதாரர். கொடுக்காவிட்டால் புதிது வாங்கும் செலவை அவரிடம் கேட்பதற்கு முன் அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

உரிமையாளரின் பெட்டிக்கும் இதே கணக்கு உதவும். எட்டு ஒன்பது ஆண்டான பெட்டிக்குப் புதியதன் விலையை அவர் கேட்டால், வாங்கிய ஆண்டைக் கேட்டு, மிச்ச மதிப்பை எழுதிக் காட்டிப் பேசுங்கள். கோபப்படாமல் எண்களோடு பேசும்போது பாதி வழிக்காவது இறங்கிவருவார்கள்.

8. வேலை முடிந்தபின்

மெக்கானிக் போவதற்கு முன்பே சில சோதனைகளைச் செய்துவிடலாம். அடைத்த இடத்திலும் புதிய இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். பிறகு ஓடவிட்டால், சற்று நேரத்தில் ஃப்ரீசரின் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பனிப் படலம் பிடிக்கத் தொடங்கும். ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் ஈரமாகவே இருந்தால் கேஸ் குறைவு அல்லது எங்கோ அடைப்பு. அவர் அங்கே இருக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் உணவை அடுக்காமல், ஐஸ் தட்டில் நீர் ஊற்றி வைத்து மறுநாள் கட்டியாகிறதா என்று பாருங்கள். நன்றாக உறைந்திருந்தால் பாலும் மருந்தும் உள்ளே போகலாம். கம்ப்ரசர் இடையிடையே நின்று ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருந்து குளிர்ச்சி குறைந்தால் மறுபடி கசிகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பில், யூபிஐ ரசீது, ஓட்டையின் படம், சரிசெய்தபின் எடுத்த படம் ஆகியவற்றைக் குழுவில் ஒரே செய்தியாகப் போட்டு, "உத்தரவாதம் இந்தத் தேதி வரை, அதற்குள் இதே இடத்தில் கசிந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், அதன்பின் வரும் பழுது பொதுச் செலவு" என்று எழுதிவிடுங்கள். பொறுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்பது எழுதப்படாமல் இருந்தால், இரண்டு ஆண்டு கழித்து கம்ப்ரசர் தன் வயதில் நின்றாலும் எல்லோர் பார்வையும் கத்தி எடுத்தவர் பக்கமே திரும்பும். உரிமையாளரின் பெட்டியாக இருந்தால் அதே பில்லை அவருக்கும் அனுப்பி, வாடகை ஒப்பந்தத்தின் நகலோடு ஒரு பிரதியை வையுங்கள்.